ஒருக்களித்த முகத்தை நேராக்குதல்: மூக்கு எங்கே தவறுகிறது

கோபி, சத்தி, பவானி வட்டாரத்து ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வருகிற வேலை இது. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிடுவார். சுவரில் மாலை போட்டு மாட்ட ஒரு நல்ல படம் இருக்காது. பேரன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு குரூப் போட்டோவை உருவிக்கொண்டு வருவார். ஒன்பது பேர் நிற்கும் அந்தப் படத்தில் அவருடைய பாட்டி, அதாவது அவர் அம்மிச்சி என்று அழைப்பவர், இடமிருந்து மூன்றாவது. முகம் நன்றாக இருக்கிறது, ஆனால் சற்றே மணமக்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. "ஏனுங்ண்ணா, நம்மளப் பாக்கற மாதிரி நேரா திருப்பித் தர முடியுங்களா?"

முடியும். இப்போதிருக்கும் கருவிகளில் திருப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அப்படித் திருப்பிய முகத்தைப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும், "நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா அம்மிச்சி மாதிரி இல்லீங்களே" என்பார்கள். எங்கே மாறிவிட்டது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்தப் பதிவு அந்த மாற்றம் எங்கே நடக்கிறது, எவ்வளவைத் தடுக்க முடியும் என்பதைப் பற்றியது. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் 12×18 பிரேம் வேறு. அதில் முகம் ஏறக்குறைய நிஜ அளவில் இருக்கும். தினமும் விளக்கு ஏற்றும்போது அரை அடி தூரத்தில் நின்று பார்ப்பார்கள்.

முதலில் ஸ்கேன்

கையில் இருப்பது 5×7 அங்குலப் பிரிண்ட். தாடையிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை முகத்தின் உயரம் 14 மில்லிமீட்டர். இதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் முகத்துக்கு 330 பிக்சல் கிடைக்கும். அதே பிரிண்டை போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கி வந்தால், முகத்துக்கு மிஞ்சுவது சுமார் 125 பிக்சல். பிறகு எந்தக் கருவியைப் போட்டாலும் மீதியை அது இட்டுக்கட்டித்தான் நிரப்பும். ஆகவே பிரிண்டையே கொண்டுவரச் சொல்வது இந்த வேலையில் பாதி.

ஆல்பப் பிரிண்ட்கள் பல சில்க் பினிஷில் இருக்கும். ஸ்கேனர் விளக்கு அந்தச் சிறு மேடுபள்ளங்களில் பட்டுத் தெறிப்பதால் முகம் முழுக்கத் தேன்கூடு மாதிரி புள்ளி விழும். இதை அப்படியே கொடுத்தால் கருவி அந்தப் புள்ளிகளைத் தோலின் துளைகள் என்று எடுத்துக்கொண்டு, அம்மை வடு போல வரைந்துவைக்கும். வழி எளிது. ஒருமுறை ஸ்கேன் செய்து, பிரிண்டை 180 டிகிரி சுற்றிவைத்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டாவதைத் திருப்பி முதலாவதன் மேல் வைத்து, ஒப்பாசிட்டியை 50 சதவீதமாக்கினால் எதிரெதிர்த் தெறிப்புகள் பெருமளவு அடங்கிவிடும்.

குரூப்பின் ஓரக்கோடியில் நின்றவராக இருந்தால் இன்னொரு திருத்தம் வேண்டும். அகலக் கோண லென்ஸ் ஓரத்து முகங்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். லென்ஸின் நேர்கோட்டிலிருந்து 30 டிகிரி தள்ளி நிற்கும் முகம் ஏறத்தாழ 15 சதவீதம் அகலமாக விழும். அதைச் சுருக்காமல் திருப்பினால் அம்மிச்சி பருத்துப்போய்விடுவார். மூன்றாவதாக நிற்பவருக்கு இது 2 சதவீதம்தான்; விட்டுவிடலாம்.

எவ்வளவு திரும்பியிருக்கிறது?

மூலப்படத்தில் இரண்டு அளவு எடுத்தால் போதும். இரு கண்களின் வெளி ஓரங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்று. இந்தப் படத்தில் அது 155 பிக்சல். அந்தக் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து மூக்கு நுனி எவ்வளவு பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது என்பது மற்றொன்று. இங்கே 25 பிக்சல். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் கண்கோட்டைக் கிடைமட்டமாக்கிவிட்டு அளக்க வேண்டும்.

முகம் திரும்பும்போது அகலம் குறைவது கோசைன் கணக்கில். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு பக்கவாட்டில் நகர்வது சைன் கணக்கில். 20 டிகிரிக்கு அகலம் 6 சதவீதம்தான் குறையும். மூக்கு நுனியோ தன் நீட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். ஒருக்களித்த முகத்தை நாம் ஒருக்களித்தது என்று உணர்வதே பெரும்பாலும் மூக்கால்தான்.

இப்போது கோணத்தைக் கணக்கிட, கண் ஓரங்களின் தூரம் 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண் ஓரக் கோட்டைவிட மூக்கு நுனி எவ்வளவு முன்னால் இருக்கிறது? அது நமக்குத் தெரியாது. மூன்று மதிப்பைப் போட்டுப் பார்க்கலாம்:

```python
import math
s, w = 25, 155
for d in (3.5, 4.0, 4.5):
    print(d, round(math.degrees(math.atan(s / w * 9 / d)), 1))
```

விடை 22.5, 19.9, 17.9. அதாவது, சற்றுச் சப்பை மூக்குக்காரர் 22.5 டிகிரி திரும்பியிருந்தாலும், எடுப்பான மூக்குக்காரர் 18 டிகிரி திரும்பியிருந்தாலும் இந்த இரண்டு அளவும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு இவர் யார் என்று அளவுகோலால் சொல்ல முடியாது. நிழல், மூக்குத் தண்டின் வளைவு ஆகியவற்றிலிருந்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

சாயல் கெடுவதற்கான முதல் காரணம் இதுவே. கருவியும் இதே நிலையில்தான் இருக்கிறது. அது பயிற்சியில் கண்ட எண்ணற்ற முகங்களின் சராசரி ஆழத்தை அம்மிச்சிக்குக் கொடுத்துவிட்டுத் திருப்புகிறது. அவருடைய மூக்கு சராசரிதான் என்றால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடக்கும். மூக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் எட்ட இருந்த கண்ணும் கன்னமும் அகலம் தப்பியிருக்கும். அல்லது கண்கள் சரியாக இருக்கும், மூக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். நிஜ அளவுப் படத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது சொந்தப் பேரனின் கண்ணுக்கு நிறையவே தெரியும்.

எட்டக் கன்னத்தில் என்ன இருக்கிறது?

கேமராவுக்குக் கிட்ட இருப்பதைக் கிட்டக் கன்னம் என்றும், அந்தப் பக்கம் இருப்பதை எட்டக் கன்னம் என்றும் சொல்வோம். முகம் தட்டையல்ல; கன்னம் பின்னால் சரிந்துகொண்டே போகிறது. முகத்தின் நேர்தளத்திலிருந்து 45 டிகிரி சரிந்திருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால், 20 டிகிரி திரும்பிய படத்தில் எட்டப் பக்கத்து அந்த இடம் 65 டிகிரிச் சாய்வில் நெருக்குண்டு கிடக்கும். முழுக்க நேராகத் திருப்ப வேண்டுமென்றால் அதை 1.7 மடங்கு அகலமாக இழுக்க வேண்டும். 70 டிகிரிக்கு மேல் சரிந்த பகுதி, அதாவது காதோரமும் கன்னப்பொட்டின் கடைசியும், படத்தில் இல்லவே இல்லை.

இல்லாததைக் கருவி எங்கிருந்து கொண்டுவரும்? ஒன்று, கிட்டப் பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி வரையும். அல்லது பொதுவான முகத்தை வரையும். முதலாவதில் இரு பக்கமும் அச்சு வார்த்தாற்போல் ஒன்றாகிவிடும். மனிதர் எவருக்கும் இரு பக்கமும் ஒன்றல்ல. ஒரு புருவம் சற்று ஏறியிருக்கும், ஒரு பக்கம் பல் போய் கன்னம் ஒடுங்கியிருக்கும், வாயின் ஒரு கோடி தொங்கியிருக்கும். தெரிந்தவர்கள் ஆளை அடையாளம் காண்பது இந்த ஏற்றத்தாழ்வில்தான்.

மூக்குத்தி இதைக் கண்ணெதிரே காட்டும். அம்மிச்சிக்கு இரு பக்கமும் மூக்குத்தி உண்டா, ஒரு பக்கம் மட்டுமா என்று படத்தில் தெரியாது. எட்ட மூக்குச் சிறகு பாதி மறைந்திருக்கிறது. ஒரு முறை ஓட்டினால் அங்கே மங்கலான ஒரு வெள்ளைப் புள்ளி வரும். மறுமுறை கிட்டப் பக்கத்து எட்டுக்கல் மூக்குத்தியின் நகலே வரும். மூன்றாம் முறை ஒன்றும் வராது. குடும்பத்தாரிடம் கேட்டே ஆக வேண்டும். மச்சமும் அப்படியே. கன்னத்தில் இருந்த ஒரு மச்சம் மறு கன்னத்திலும் முளைத்திருந்தால் அது நகலெடுத்ததற்கான தடயம்.

கருவியும் அதன் 256 பிக்சலும்

திருப்பும் வேலைக்கு இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. எழுத்தில் சொன்னால் படத்தையே மறுபடி வரைந்து தருபவை ஒரு வகை. க்வென் இமேஜ் எடிட், ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட் போன்றவை. தோல், வெளிச்சம் எல்லாம் அழகாக வரும். ஆனால் முகம் முழுவதும் புதிதாக வரையப்பட்டதுதான். பழைய பிக்சல் ஒன்றுகூட அப்படியே மிஞ்சியிருக்காது. நினைவுப் படத்துக்கு அதை முதல் படியாக வைக்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

மற்றது, முகத்தின் முக்கியப் புள்ளிகளைக் கண்டறிந்து, அவற்றைச் சுழற்றி, படத்தை அதற்கேற்ப வளைப்பது. லைவ்போர்ட்ரெயிட் இந்த வகை; 2024இல் வந்தது. கம்ஃபியூஐ என்ற மென்பொருளுக்குள் ஓடும் எக்ஸ்பிரஷன் எடிட்டரில் `rotate_yaw` என்ற ஸ்லைடர் இருக்கிறது. அதை நகர்த்தினால் தலை திரும்பும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இந்த மாடல் உள்ளே வாங்கிக்கொள்ளும் படம் 256×256 பிக்சல். வெளியே தருவது 512×512. தலையைச் சுற்றி இடம் விட்டு வெட்டுவதால் அந்த 256இல் முகத்துக்குக் கிடைப்பது 150 பிக்சல் சொச்சம். நாம் பாடுபட்டு ஸ்கேன் செய்த 330 பிக்சலில் பாதிக்கு மேல், தலை திரும்பத் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. கண்ணோரச் சுருக்கம், மேலுதட்டுக் கோடுகள் எல்லாம் மழுங்கி, எழுபத்தைந்து வயதுக்காரர் அறுபதாகத் தெரிவது இதனால்தான். கருவி அழகுபடுத்தவில்லை, அதற்குள் அந்தக் கோடுகள் நுழையவே இல்லை.

ஆகவே இதனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை மட்டும். தோலை ஸ்கேனிலிருந்து எடுக்க வேண்டும்.

படங்களைச் சுருக்கி உள்வாங்கும் டிஃப்யூஷன் மாடல்களுக்கும் இதே கதை உண்டு. அவற்றில் ஒன்றான எஸ்டிஎக்ஸ்எல், படத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டில் ஒன்றாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. குரூப் போட்டோவை அப்படியே 1024 பிக்சலில் கொடுத்தால் முகத்துக்கு 80 பிக்சல், சுருங்கியபின் 10 கட்டம். ஒரு கண்ணுக்கு இரண்டு கட்டம்கூடக் கிடையாது. முகத்தை மட்டும் வெட்டி 600 பிக்சலுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தால் கண்ணுக்கு 12 கட்டம் கிடைக்கும். மூலப்படத்தை எதையும் மாற்றாமல் ஒருமுறை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்த்தால், சாயல் திருப்பியதால் போனதா, சுருக்கியதாலேயே போனதா என்று உடனே தெரிந்துவிடும்.

முழுக்கத் திருப்பாதே

இந்த வேலையில் நாங்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான். 20 டிகிரியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவராமல் 8 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். 12 டிகிரி மட்டும் திருப்பினால் மேலே சொன்ன எட்டக் கன்னத்தை 1.4 மடங்கு இழுத்தால் போதும். எட்டக் காதை வரையத் தேவையில்லை; அது இன்னும் மறைவில்தான் இருக்கும். காது வந்தால் தோடு வர வேண்டும், பாரத்தில் இழுத்த காதுமடல் வர வேண்டும், எல்லாமே ஊகம். மூக்கின் ஆழத்தில் செய்த தவறும் அந்த அளவுக்குக் குறைகிறது. சுவரில் மாட்டியபின் 8 டிகிரி திரும்பிய முகத்தை எவரும் திரும்பியது என்று சொல்வதில்லை. ஸ்டுடியோவில் நேரே உட்கார்ந்து எடுத்த பழைய படங்களிலும் அவ்வளவு திருப்பம் இயல்பாக இருக்கும்.

`rotate_yaw` மதிப்பை 3, 6, 9, 12 என்று ஏற்றி ஒவ்வொன்றையும் சேமிக்கவும். எந்தத் திசைக்குக் கூட்டல், எதற்குக் கழித்தல் என்பதை முதல் படியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்லைடர் எண்ணை அப்படியே டிகிரி என்று நம்பாமல், முன்பு எடுத்த இரண்டு அளவையும் வெளிவந்த படத்தில் மறுபடி எடுக்க வேண்டும். மூலத்தின் அளவுக்கே சுருக்கிப் பார்த்தால், 8 டிகிரிக்குக் கண் ஓர அகலம் 163 பிக்சல், மூக்கு விலகல் 10 பிக்சல் இருக்க வேண்டும். விலகல் 10க்கு வந்து அகலம் 155லேயே நின்றிருந்தால் கருவி மூக்கை மட்டும் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பவில்லை என்று பொருள். `smile` முதலிய மற்ற ஸ்லைடர்கள் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். இருந்தும் எட்டப் பக்கத்து வாய்க்கோடி லேசாக மேலேறி, அம்மிச்சி சிரிக்கத் தொடங்குவது போல் தெரிவதுண்டு. புள்ளிகளைச் சுழற்றும்போது திருப்பமும் பாவனையும் ஒன்றில் ஒன்று கலந்துவிடுவதால் வருவது அது. பின்னால் கையால் இறக்க வேண்டும்.

நெற்றி விபூதி நல்ல துணை. திரும்பிய முகத்தில் பட்டைகள் வளைந்து ஒரு பக்கம் குறுகியிருக்கும். திருப்பியபின் வளைவு தளர்ந்து, நடு வகிட்டுக்கு இரு பக்கமும் நீளம் ஏறக்குறைய சமமாக வேண்டும். பட்டை நடுவில் உடைந்தோ அலையலையாகவோ வந்தால் நெற்றியின் வடிவம் அங்கே தவறாக ஊகிக்கப்பட்டிருக்கிறது.

கண்

குரூப் போட்டோவில் தலை மணமக்கள் பக்கம் இருந்தாலும் பார்வை கேமராவில் இருக்கும். அதாவது விழிகள் குழிக்குள் 20 டிகிரி எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. வெள்ளை ஒரு பக்கம் அதிகம். தலையை 12 டிகிரி திருப்பும்போது கருவி விழிகளையும் தலையோடு சேர்த்துத் திருப்பிவிடும். விளைவு, அம்மிச்சி நம்மைத் தாண்டி யாரையோ பார்ப்பார். `pupil_x` ஸ்லைடரைச் சிறுசிறு படியாக நகர்த்தி விழியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 8 டிகிரி மிச்சம் இருப்பதால் சரி நடுவுக்குக் கொண்டுவரக் கூடாது. மூலத்தில் இருந்த ஒதுக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தினால் பார்வை நம்மேல் விழும்.

மூலத்தில் கேமராவைப் பார்க்காமல் மணமக்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்றால் கதை தலைகீழ். விழி ஏற்கெனவே குழியின் நடுவில் இருக்கும்; அதைச் சற்று எதிர்ப்பக்கம் ஒதுக்கினால்தான் பார்வை நம்மேல் விழும்.

தோலைத் திரும்பக் கொண்டுவருதல்

மழுங்கிய 512 பிக்சல் படத்தைக் கண்டதும் கை தானாக முகம் தெளிவாக்கும் கருவிக்குப் போகும். ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் இரண்டுமே தெளிவு தரும். கூடவே இமை முடிகளையும் புது உதட்டையும் தரும். பல் இல்லாத வாயில் மேலுதடு உள்வாங்கியிருப்பதை இவை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு உப்பவைத்துவிடும். அம்மிச்சியின் முகம் மாறுவதற்கு அது ஒன்றே போதும். கோட்ஃபார்மரைப் போட்டே தீர வேண்டுமென்றால் அதன் `w` மதிப்பை 0.9க்கு மேல் வைக்கவும். எண் ஏற ஏற மூலத்துக்கு நெருக்கம். குறையக் குறையப் பளபளப்பு.

எங்கள் வழி வேறு. திருப்பிய படத்தைப் பெரிதாக்கிக் கீழ் லேயராக வைத்து, மேலே ஸ்கேனிலிருந்து வெட்டிய மூல முகத்தை அதே அளவில் வைக்க வேண்டும். ஜிம்ப் அல்லது போட்டோஷாப்பின் வார்ப் கருவியால் மூல முகத்தைக் கீழே உள்ளதன் மேல் பொருத்த வேண்டும். பிடிக்க வேண்டிய இடங்கள்: கிட்டக் கண்ணின் இரு ஓரங்கள், கிட்ட மூக்குச் சிறகு, வாயின் இரு கோடிகள், தாடை நுனி, கிட்டக் காதின் மேலும் கீழும். 12 டிகிரிக்குக் கிட்டப் பக்கம் அதிகம் மாறுவதில்லை. சில பிக்சல் இழுத்தால் உட்கார்ந்துவிடும். பிறகு மாஸ்க் போட்டு, காதிலிருந்து மூக்குத் தண்டு வரை மூலப் பிக்சல்களே தெரியும்படி விட்டு, தண்டில் மெல்லிய பிரஷ்ஷால் கலக்க வேண்டும். இப்போது முகத்தின் பாதிக்கு மேல் நிஜ அம்மிச்சி.

மூக்கடி நிழலைக் கவனிக்க வேண்டும். பிளாஷ் ஒரு பக்கமிருந்து அடித்த நிழல் எட்டக் கன்னத்தில் விழுந்திருக்கும். கருவிக்கு அது நிழல் என்று தெரியாது. தோலில் பூசிய சாயம் போல அதையும் சேர்த்து இழுக்கும். அகலமான அந்தக் கறுப்பு மூக்கையே அகலமாகக் காட்டும். நிழலின் ஓரத்தைக் கையால் உள்ளே ஒடுக்கியதும் மூக்கு பழையபடி மெலிவதைப் பார்க்கலாம்.

எட்டக் கன்னத்துக்கு மட்டும் டிஃப்யூஷனைப் பயன்படுத்தலாம். அந்தப் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து, முகம் 600 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கும்படி வெட்டி, எஸ்டிஎக்ஸ்எல்லில் ஓட்டலாம். எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைச் சொல்லும் `denoise` மதிப்பு 0.2 முதல் 0.3 வரை இருக்கட்டும். இழுபட்டு அகன்ற சுருக்கங்கள் மெலிந்து, தோலின் சொரசொரப்பு வரும். 0.5 வைத்தால் புதுச் சுருக்கங்கள், புது மச்சம், ஏன், புதுக் கன்ன எலும்பே வந்துவிடும். ஓட்டியபின் நெற்றி, கன்னம், கழுத்து மூன்று இடத்திலும் கலர் பிக்கரால் மூலத்தோடு ஒப்பிடவும். இந்த மாடல்கள் தோலை ஓசைப்படாமல் வெளுத்துவிடும் பழக்கம் உள்ளவை. வெயிலில் காடு கரையில் உழைத்த முகத்தை மாநிறமாக்கித் தருவதும் சாயலைக் கெடுப்பதுதான்.

அடையாள அட்டையின் உதவி

மூக்கின் ஆழம் தெரியாது என்றோம். அகலமாவது தெரிந்தால்? அதற்கு வீட்டிலேயே ஓர் ஆவணம் இருக்கும். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எதிலாவது ஒரு நேர்முகம் இருந்தே தீரும். புள்ளி புள்ளியாக அச்சான அந்தச் சிறு படம் சுவரில் மாட்ட உதவாது. ஆனால் கண்களின் இடைவெளி, மூக்கின் அகலம், வாய் எங்கே முடிகிறது, தாடை எந்தப் பக்கம் சற்றுக் கோணல் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் கண்களின் நடுப்புள்ளிகள் பொருந்தும்படி பெரிதாக்கி, பாதி ஒளிபுகும் லேயராக நம் படத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நம் படத்தில் 8 டிகிரி மிச்சம் இருப்பதை மறக்காமல், அகலங்களை மட்டும் ஒப்பிடவும், இடத்தை அல்ல.

அதிலும் ஒரு பொறி உண்டு. அட்டைப் படம் பெரும்பாலும் மேசைமேல் வைத்த வெப்கேமராவில் கிட்டத்தில் எடுத்தது. அரை மீட்டர் தூரத்தில், கண்ணைவிட 4 செ.மீ. முன்னால் இருக்கும் மூக்கு 8 சதவீதம் பெரிதாக விழும். மூன்று மீட்டர் தள்ளி எடுத்த கல்யாணப் போட்டோவில் இது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. எனவே அட்டையில் அளந்த மூக்கு அகலத்தை ஆறேழு சதவீதம் குறைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். செல்பியை மட்டும் கொடுத்துத் திருப்பச் சொல்லும்போது மூக்கு பெருத்து, காது ஒளிந்து வருவதற்கும் இதே காரணம்தான்.

அட்டை எண்ணை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் ஸ்கேன் செய்யவும். ஆன்லைன் தளம் எதிலும் ஏற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடவும்.

சரிபார்த்தல்

முகங்களை ஒப்பிட்டு மதிப்பெண் தரும் மாடல்கள் இருக்கின்றன. ஆர்க்ஃபேஸ் அவற்றில் நன்கு அறியப்பட்டது. மூலப்படத்தையும் திருப்பிய படத்தையும் கொடுத்தால் மதிப்பெண் நன்றாகவே வரும். அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இரண்டும் ஒரே பிக்சல்களில் இருந்து பிறந்தவை. தவிர, ஆள் எப்படித் திரும்பியிருந்தாலும் அதே ஆள் என்று சொல்லப் பழக்கப்பட்ட மாடல் அது. திருப்பியதில் நேர்ந்த சிறு கோணலைக் கண்டுகொள்ளாமல் விடுவதே அதன் பயிற்சி. ஒரு முகப்படத்தைப் பார்த்து அதே ஆளைப் புதிதாக வரையும் இன்ஸ்டன்ட்ஐடி போன்ற கருவியால் செய்த முகத்தை இதனால் அளப்பது இன்னும் வீண். அதே வகை அளவுகோலை வைத்துத்தான் அது வரைந்தது. ஆர்க்ஃபேஸ் உட்பட இன்சைட்ஃபேஸ் குழு வெளியிட்ட மாடல்கள் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருபவை என்பதையும் காசு வாங்கிச் செய்யும் ஸ்டுடியோ கவனிக்க வேண்டும்.

முடிந்த படத்தை அதே கருவியில் 12 டிகிரி பின்னால் திருப்பி மூலத்தின் மேல் வைத்துப் பார்ப்பதும் உண்டு. தோல் எங்கே தேய்ந்தது என்பதை அது காட்டும். ஆழத்தில் செய்த தவறைக் காட்டாது. போகும்போது செய்த தவறே வரும்போதும் நடப்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

மிஞ்சுவது வீட்டாரின் கண். மூலப்படத்தைப் பக்கத்தில் வைக்காமல், 6, 9, 12 டிகிரி திருப்பிய மூன்றையும் 4×6 பிரிண்டாக எடுத்து, வேலை கொடுத்த பேரனிடம் அல்ல, அந்தக் குரூப் போட்டோவை அண்மையில் பார்க்காத ஒருவரிடம் காட்டச் சொல்லவும். அம்மிச்சியின் தங்கையோ, பக்கத்துத் தோட்டத்தாரோ இருந்தால் நல்லது. "எப்படி இருக்குது" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இதுல எது அவங்க?" என்று கேட்க வேண்டும். இந்தப் படத்தில் வந்த பதில், "இது ரெண்டும் அக்காதானுங்க. இதுல மட்டும் வாய் யாரோ மாதிரி இருக்குதுங்க." அவர் ஒதுக்கியது 12 டிகிரிப் பிரிண்ட். எட்டப் பக்கத்து வாய்க்கோடி ஏறியிருந்ததுதான் காரணம். அதை மூன்று பிக்சல் இறக்கி, உள்வாங்கிய மேலுதட்டின் நிழலை ஸ்கேனிலிருந்து மறுபடி கொண்டுவந்தபின் அதே பிரிண்ட் தேறியது.

பிரிண்ட் மேட் பேப்பரில். பளபளப்பில் எட்டக் கன்னத்து இணைப்பு பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பிரேமின் பின்னட்டையில், இது எந்தக் கல்யாணப் போட்டோவிலிருந்து திருப்பியது என்று ஒரு வரி எழுதி, திருப்பாத ஸ்கேனின் ஒரு பிரிண்டையும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கவும். பென்ஷன், வாரிசுச் சான்று போன்ற எந்த விண்ணப்பத்திலும் ஒட்ட வேண்டியது அந்த உறைக்குள் இருக்கும் படம்தான், சுவரில் இருப்பதல்ல.